ஒப்புக்குச் சப்பாணி போட்ட ஆப் பிரேக்

சிறுவர் விளையாட்டுக்களில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்றொரு பதவி உண்டு என்பதை நேயர்கள் அறிவார்கள். அப்பதவி வகிப்பவருக்கு ஆட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கணக்கில் இடம் இல்லை. அவர் பிடிபட்டாலும் பிடிபடாதவரே. அவர் பிடித்தாலும் பிடித்ததாகாது. வீட்டுப் பெரியவர்கள், “குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும்போது, மறுக்கவும் மாட்டாமல் ஏற்கவும் மனமின்றிப் பெரிய பையன்கள் கண்டுபிடித்த உபாயம் இது. தஞ்சை மேல வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், என் தங்கையின் மகள் இரண்டு வருஷ காலம் இந்தப் பதவியை வகித்து வந்தாள். பந்து சாக்கடையில் விழுந்தால் எடுப்பது அவள் வேலை. எடுத்த பந்தைச் சாக்கினால் துடைத்துக் கொடுப்பதும் அவள் வேலையே. பந்து போடுவது மட்டும் அவள் வேலையன்று.

அந்தச் சந்தின் அமைப்பைச் சிறிது விவரிக்காவிட்டால் பின்வருவது விளங்காது. கிழக்கு மேற்காகச் செல்லும் சந்து. அகலம் ஒன்பது அல்லது பத்து அடி இருக்கலாம். மேற்கு முனையில் ஒரு வீட்டின் பக்கச் சுவர் குறுக்கே நிற்கிறது. அச்சுவரில் கரித்துண்டினால் இழுத்த மூன்று கோடுகளே விக்கெட். முறையான ஆடுகளத்தின் நீளம் 22 கஜம். இங்கே 15 கஜத்துக்கு மேல் கிடையாது. தெற்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையும் அதனடியில் சாக்கடையும். வடக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல்கள் உள்ள ஒரு மாடி வீடு. அவ்வீட்டார் ஜன்னலுக்கு விலை கொடுத்தவர்களாதலால், பந்து தரையில் படாமல் நேரே அவர்கள் சுவரில் மோதினால் அடித்தவன் அவுட் என்பது சந்தின் சட்டம். சாக்கடையில் விழுந்தால் இரண்டு ஓட்டம். பந்து போடுபவனைத் தாண்டி மேல வீதியை எட்டினால் நான்கு. லார்ட்ஸ் மைதானத்துச் சட்டங்களில் திருத்தம் வந்தாலும் வரும். இவற்றில் என் சிறுவயது முதல் ஒரு மாறுதலும் வந்ததாக நான் அறியேன்.

2025 நவம்பர் 2ந் தேதி இரவு, நவி மும்பையில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் இந்தியா தென் ஆப்பிரிக்காவை வென்றதல்லவா? அன்று தீப்தி சர்மா என்னும் வீராங்கனை 58 ஓட்டங்கள் எடுத்ததோடு 5 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அவர் போடுவது ஆப் பிரேக். பதினொரு வயதான எங்கள் பெண் இதைத் தொலைக்காட்சியில் கண்கொட்டாமல் பார்த்திருந்தாள். மறுநாளே சந்தின் தலைவனான பையனிடம் சென்று, “அண்ணா, எனக்கும் ஓர் ஓவர் கொடு” என்று கேட்டாளாம். அவன் பதினைந்து வயதினன், கெட்டவன் அல்லன், ஆனால் தலைவன். “பொங்கலுக்குத் தருகிறேன்” என்றான். தீபாவளி கடந்த அந்தச் சமயத்தில் பொங்கல் என்பது வெகு தூரம். அவள் மறந்துவிடுவாள் என்று எண்ணியிருக்கிறான். மார்கழி பிறந்ததும் அவள் மறுபடி கேட்டாள். அப்பொழுது அவன் ஒரு நிபந்தனை விதித்தான். காணும் பொங்கலன்று ஓர் ஓவர். அதில் ஒரு விக்கெட்டாவது விழவேண்டும். விழாவிட்டால் அப்புறம் பந்தைக் கேட்கக்கூடாது. இதைக் கேட்டு உண்மையில் மகிழ்ந்தவர் என் தாயார்தாம். “இந்தப் பொங்கலோடு தொலைந்தது, பன்னிரண்டு வயதாகப் போகிற பெண்ணுக்குச் சந்தில் என்ன வேலை?” என்றார். ஆகவே அந்த ஓர் ஓவருக்குள் இரண்டு வழக்குகள் தீர்ப்புக்குக் காத்திருந்தன.

என் தம்பி மார்கழிக் கடைசியில் பத்து நாள் விடுமுறையில் வந்து சேர்ந்தான். அவன் கல்லூரி நாட்களில் ஆப் பிரேக் போட்டவன். அதற்கு மேல் அவன் புகழ் பரவவில்லை. தரையில் நார்ப்பாய் விரித்து ஆடிய காலத்துப் பெரியவர்களிடம் கற்றுக்கொண்டதால், பந்து விரலிலிருந்து பிரிவதைப்பற்றி அவனுக்குத் திட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. வந்த அன்றே மருமகள் அவனைத் திண்ணைக்கு இழுத்துச் சென்று விஷயத்தைச் சொன்னாள்.

“தீப்தி சர்மா போடுவதைக் கற்றுக்கொடுங்கள், மாமா.”

அவன் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சந்தின் நடுவில் நின்று, வடக்குச் சுவரையும் தெற்குத் திண்ணையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து, “உனக்கு வேறு எதுவும் வேண்டாம், அம்மா. இந்தச் சந்து ஆப் பிரேக்குக்காகவே கட்டினது” என்றான்.

அவன் கண்ட நியாயம் இது. ஆப் பிரேக் என்பது வலது கை ஆட்டக்காரனுக்கு வலப்புறத்தில், அதாவது ‘ஆப்’ பக்கத்தில் விழுந்து, உட்புறமாக அவன் கால்களை நோக்கித் திரும்பும் பந்து. உள்ளே வரும் பந்தை அடிப்பதற்கு இயல்பான திசை அவனுடைய இடப்பக்கம். எங்கள் சந்தில் ஆடுபவனுக்கு இடப்பக்கம் எது? வடக்கு, அதாவது அந்தக் கண்ணாடி ஜன்னல் வீடு. தூக்கி அடித்தால் அவுட். தரையோடு அடித்தால் சுவரில் பட்டு அங்கேயே நின்றுவிடும். ஓட்டம் வேண்டுமானால், உள்ளே வரும் பந்தைத் திருப்பத்துக்கு எதிராகத் தெற்கே சாக்கடைப் பக்கம் அடிக்க வேண்டும். அப்படி அடிப்பதில்தான் மட்டைக்கும் காலுக்கும் இடையில் வாசல் திறக்கிறது. லெக் பிரேக் போட்டால் பந்து தெற்கே ஓடும், அடிப்பவனுக்குச் சௌகரியம். இவ்வளவையும் அவன் பதினொரு வயதுப் பெண்ணுக்கு விளங்கும்படி, திண்ணைமேல் கோலப்பொடியால் படம் போட்டுச் சொன்னான். கோலப்பொடி விஷயம் பின்னால் பெரிதாயிற்று.

முதலிரண்டு நாளும் பந்தே போடவில்லை. அவன் பழைய பம்பரம் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து வந்தான். “பம்பரத்தைச் சுற்ற வைப்பது கையா, சாட்டையா?” என்று கேட்டான். “சாட்டை” என்றாள். “கை வீசுகிறது, சாட்டை சுற்றுகிறது. பந்து போடுவதிலும் அப்படித்தான். உன் ஆள்காட்டி விரலே சாட்டை.” பந்தின் மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நன்றாக அகற்றி வைக்க வேண்டும். மோதிர விரல் மடங்கிப் பந்தைக் கீழிருந்து தாங்கும். கட்டைவிரலுக்கு வேலை இல்லை. அது பந்தை இறுக்கினால் சுழற்சி செத்துவிடும். ஆள்காட்டி விரலின் மேற்கணு பந்தைக் கவ்வ வேண்டும். பந்து கையை விட்டுப் பிரியும் தருணத்தில் அந்த விரல் பந்தின் வலப்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுக்க, மணிக்கட்டு வலமாகத் திரும்புகிறது. ஊறுகாய் ஜாடியை எதிரே சாய்த்துப் பிடித்து அதன் மூடியை இறுக்கும்போது கை எப்படித் திரும்புமோ அப்படி.

ஆனால் அவள் விரல்கள் சிறியவை. பூவிழைப் பந்து என்று நாங்கள் அந்நாளில் அழைத்த டென்னிஸ் பந்தின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டே முக்கால் அங்குலம். இரண்டு விரல்களையும் அகற்றியவுடன் பந்து பக்கவாட்டில் நழுவிற்று. ஆகவே முதலில் அவன் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தான். திண்ணையில் உட்கார்ந்து, வலது கையிலிருந்து இடது கைக்கு அதைச் சுழற்றிச் சுழற்றி விடவேண்டியது. சாப்பாட்டு நேரம் தவிர அவள் கையில் பழம் ஓயாது சுழன்றது. மூன்றாம் நாள் பழம் சாறு விட்டுப் போகவே, பந்து கைக்கு வந்தது. அதற்குள் விரல்கள் சிறிது இணங்கியிருந்தன. பந்தைச் சுற்றி, நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு நிற ஒட்டுப்பட்டை ஒன்றையும் தம்பி ஒட்டினான். தோல் பந்துக்குத் தையல் உண்டு; டென்னிஸ் பந்துக்கு அஃது இல்லாததால், பந்து எப்படிச் சுழல்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பட்டை ஒட்டினால் தெரியும்.

அது தெரிந்ததில்தான் முதல் தொல்லை வெளிப்பட்டது. ஐந்தாறு தப்படி தூரத்திலிருந்து அவள் போட்ட பந்துகள் வெகு வேகமாகச் சுழன்றன. விரலிலிருந்து ‘சொடக்’கென்று ஓசைகூடக் கேட்டது. ஆனால் தரையில் விழுந்தபின் ஒன்றும் திரும்பவில்லை, நேரே போயின. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி அவளை எதிர்ப்புறம் நிற்க வைத்து, அவள் போட்டதுபோலவே தான் போட்டுக் காட்டினான். “பட்டை எப்படி இருக்கிறது, பார்.” பட்டை தட்டுபோலப் படுத்துக்கொண்டு சுழன்றது. அவள் விரல் பந்தின் பக்கத்தில் இறங்காமல், அடியில் நுழைந்து அறுத்துக்கொண்டு போயிருந்தது. அப்படிச் சுழலும் பந்து பம்பரம்போல நின்ற இடத்தில் நிற்கும் சுழற்சி உடையது. தரையைத் தொடும்போது எந்தப் பக்கத்தையும் பற்றி இழுக்காது. பந்தின் அடிப்பாகம் தரையில் ஒரு பக்கமாகத் தேய்ந்தால்தான் பந்து மறுபக்கம் ஓடும். அதற்குப் பட்டை எழுந்து நின்று, ஆடுபவனின் இடது கால் பக்கமாகச் சிறிது சாய்ந்து உருள வேண்டும். மாவாட்டும் கல்லுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசமே இது என்று தம்பி சொன்னான். மாவாட்டும் கல் எவ்வளவு சுற்றினாலும் வீட்டை விட்டுப் போவதில்லை.

இந்தக் கோளாறை நீக்க இரண்டு நாள் ஆயிற்று. “கையை உயர்த்து, காதருகே கொண்டுபோ” என்பதையே அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கை தாழ்ந்து பக்கவாட்டில் வந்தால் விரல் பந்தின் அடிக்குத்தான் போகும். உயர்ந்து வந்தால் மேலிருந்து வலப்பக்கமாக இறங்கும். இடது காலை முன்னே ஊன்றி, அதன்மேல் உடம்பு முழுவதும் திரும்ப வேண்டும். அவள் ஊன்றிய காலிலேயே நின்றுவிடுவாள்; வலது கால் பின்னால் பிறந்த இடத்திலேயே கிடக்கும். “உன் வலது முழங்கால் கரிக்கோட்டைப் பார்க்கவேண்டும்” என்றான். அப்புறம் வந்தது.

அதன்பின் தூரத்தைக் கூட்டினார்கள். 15 கஜம் என்றவுடன் இரண்டாவது தொல்லை. இவ்வளவு தூரம் பந்தை எட்டச் செய்யவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும் என்றால் சிறு பிள்ளையின் முழங்கை தானாகவே மடங்கி நிமிர்கிறது. சந்துப் பாஷையில் இதற்கு மாங்காய் அடிப்பது என்று பெயர், மரத்தில் கல்லெறிவதுபோல. எறிந்தால் ஆப் பிரேக் அபாரமாகத் திரும்பும்; அதுதான் ஆபத்து. சர்வதேச ஆட்டத்தில், கை தோள்மட்டத்துக்கு வந்தபின் பந்து பிரியும்வரை முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்பது வரம்பு. அவள் இதைக் கேட்டதும், “முரளீதரன் மட்டும் கையை மடக்கவில்லையா?” என்று வழக்காடினாள். கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளீதரன் 2010இல் காலி மைதானத்தில் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தவர். ஆப் பிரேக்காரர்களில் அவரை மிஞ்சியவர் இல்லை. தம்பி பொறுமையாகச் சொன்னான்: அவர் முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராதது, மடங்கியே இருப்பது குற்றமன்று, மடங்கியது நிமிர்வதே குற்றம். மேலும் அவர் விரலால் அல்ல, மணிக்கட்டால் சுழற்றியவர். அது நமக்கு வாராது. நம் ஊர் வழி வெங்கட்ராகவன், அசுவின் வழி. இதைச் சொல்லிவிட்டு ஒரு தினசரிப் பத்திரிகையைச் சுருட்டி, அவள் முழங்கையைச் சுற்றிக் கட்டிவிட்டான். கை மடங்கினால் காகிதம் மொறுமொறுக்கும். அன்று மாலைவரையில் மொறுமொறுப்பு ஓயவில்லை. மறுநாள் அவன் அவளை மூன்று தப்படி முன்னுக்கு நகர்த்தினான், காகிதம் வாய்மூடிற்று. பின்பு நாளுக்கு ஒரு தப்படியாகப் பின்னுக்கு வந்தாள். பலம் போதாத தூரத்தில் பழக்கினால் எறியத்தான் பழகும் என்பது அவன் கட்சி.

இனித் திருப்பம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வதை அவன் நம்புவதில்லை. போட்டவர் கண்ணுக்குத் தம் பந்து எப்போதும் ஒரு முழம் திரும்பும். மார்கழியாதலால் வீட்டில் டப்பா டப்பாவாகக் கோலப்பொடி இருந்தது. அவள் கால் ஊன்றும் இடத்திலிருந்து சுவர்வரையில் ஒரு சணல் கயிற்றை இழுத்துக் கட்டினான். சுவருக்கு ஆறடி முன்னால், கயிற்றின் அடியில், ஒரு முறம் அகலத்துக்குப் பொடியை மெல்லத் தூவிக் கயிற்றை அவிழ்த்தான். அது சுவரைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. பந்து பொடியில் விழுந்தால் அங்கே ஒரு வட்டம் தெளியும். பந்து எடுத்துச் சென்ற பொடி சுவரில் வெள்ளை முத்திரையாக ஒட்டும். புள்ளிக்கும் முத்திரைக்கும் உள்ள தூரமே திருப்பம்.

முதல் நாள் அளவையில் பாதிப் பந்துகள் பொடியில் விழவேயில்லை. விழுந்தவை இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை திரும்பியிருந்தன. அவள் முகம் வாடிற்று. மூன்றாம் நாள் நல்ல பந்துகள் ஆறு விரற்கடை, அதாவது ஏறக்குறைய நாலரை அங்குலம் திரும்பின. “இவ்வளவுதானா?” என்றாள். தம்பி மட்டையை எடுத்து வரச் சொன்னான். மட்டையின் அகலம் சட்டப்படி நாலேகால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. ஆடுபவன் நிற்பது சுவருக்கு மூன்றடி முன்னால். பந்து விழுவது ஆறடி முன்னால். ஆகவே சுவரில் நாலரை அங்குலம் என்றால், மட்டையை அடையும்போது அதில் பாதி, இரண்டேகால் அங்குலம். மட்டையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ள தூரமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் சிறிதளவே. “நடுமட்டையால் அடிக்க வருகிறவனை ஓரத்துக்குக் கொண்டுபோக இது போதும். இதற்கு மேல் திரும்பினால் எல்லாவற்றையும் தப்பிச் சாக்கடைக்குப் போகிற பந்து மாதிரி, யாருக்கும் பிரயோஜனம் இல்லை.”

“இன்னும் முன்னாலேயே விழவைத்தால் அதிகம் திரும்பாதா?” என்றாள். திரும்பும். பத்தடி முன்னால் விழுந்தால் மட்டையை அடையுமுன் ஏழடி தூரம் திரும்பிக்கொண்டே வரும். ஆனால் அந்த ஏழடியும் ஆடுபவனுக்குப் பார்க்கக் கிடைத்த அவகாசம். பின்னுக்கு ஓர் அடி வைத்து நிதானமாகத் தட்டிவிடுவான். திருப்பத்தைப் பெருக்குவதும் அவகாசத்தைக் கொடுப்பதும் ஒரே செய்கையாக இருக்கிறதே என்று நான் திண்ணையிலிருந்து வியந்தேன். தம்பி அதில் வியக்க ஒன்றும் இல்லை என்பதுபோல், பொடியை இன்னும் கொஞ்சம் தூவிக்கொண்டிருந்தான்.

என் தாயார் மறுநாள் விடியற்காலையில் பரங்கிப்பூ வைத்துக் கோலம் போட வந்தபோது டப்பாவில் அரைப்பிடி மாவே இருந்தது. “ஏண்டா, வாசலுக்குப் போடுகிற மாவைச் சுவருக்கு அடித்தாயா?” என்று தொடங்கியவர், அரைமணி நேரம் ஓயவில்லை. அன்றைய கோலம் நாலு புள்ளியோடு நின்றது. ஆனால் அவர் சுவரிலிருந்த வெள்ளை முத்திரைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதையும் நான் கவனித்தேன். “இதெல்லாம் அவள் போட்டதா?” என்று மட்டும் கேட்டார்.

காணும் பொங்கலன்று பிற்பகலில் ஆட்டம் தொடங்கிற்று. தலைவன் சொன்ன சொல் தவறவில்லை. தானே மட்டை பிடித்து நின்றுகொண்டு அவளிடம் பந்தைக் கொடுத்தான். பட்டை ஒட்டாத பந்து. தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வாய் திறப்பதில்லை என்று முன்பே அவளிடம் சத்தியம் செய்திருந்தான்.

முதல் பந்து பயத்தினால் மிகக் குட்டையாக விழுந்தது. திரும்பிற்று, ஆனால் அவகாசம் கிடைத்தவன் பின்னுக்குச் சென்று சாக்கடையில் தட்டினான். இரண்டு ஓட்டம். பழக்கதோஷத்தால் அவளே ஓடிப்போய் எடுத்துச் சாக்கில் துடைத்தாள். ஈரப்பந்து விரலில் வழுக்குமாதலால் இரண்டாவது ஒன்றும் சுழலாமல், தலைக்கு மேலே திரும்பி மேல வீதிக்குப் போயிற்று. நான்கு. பையன்கள் ஆரவாரித்தார்கள். அவள் பந்தைப் பாவாடையில் நன்றாகத் தேய்த்தாள். மூன்றாவது நல்ல இடத்தில் விழுந்து ஒன்றும் நிகழவில்லை, அவன் தடுத்தான். தடுத்ததே ஒரு விசேஷம்; அவன் தடுக்கிற வழக்கமில்லை. நான்காவது அதே இடத்தில் விழுந்து உள்ளே திரும்பி, அவன் தொடையில் பட்டது. எங்கள் சந்தில் எல்.பி.டபிள்யூ. கிடையாது, தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சட்டம் எப்படி இருக்கும்? ஐந்தாவதை அவன் வடக்கே அடித்தான். தரையோடு போய்ச் சுவரில் பட்டு நின்றது. தூக்கி அடித்திருந்தால் அவுட். அதை அவனும் அறிவான்.

ஆறாவது பந்துக்கு முன் அவள் சிறிது நேரம் நின்றாள். முன்னிரண்டையும்விட ஒரு சாண் தெற்கே தள்ளி, சற்று உயரமாகவும் மெதுவாகவும் விட்டாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தம்பி சத்தியமாகச் சொல்கிறான். தெற்கே வந்த பந்து சாக்கடைக்கு அழைத்தது. தலைவன் காலை நகர்த்தாமல் கையை நீட்டி வீசினான். பந்து மட்டைக்கும் காலுக்கும் நடுவே நுழைந்து, பின்னால் சுவரில் ‘பொத்’தென்று மோதிற்று.

உடனே வழக்கு எழுந்தது. கோட்டுக்கு வெளியே பட்டது என்று நான்கு பேர். உள்ளே என்று அவள் ஒருத்தி. ஒப்புக்குச் சப்பாணியின் சாட்சியம் எந்த நியாயஸ்தலத்தில் செல்லும்? அப்பொழுது தலைவனே சுவரண்டை போய்க் குனிந்து பார்த்தான். சாக்கடையில் விழுந்த பந்தல்லவா? எவ்வளவு தேய்த்தும் மறுபுறத்தில் கறுப்பு ஈரம் ஒட்டியிருந்திருக்கிறது. நடுக்கோட்டுக்கும் லெக் கோட்டுக்கும் இடையில், எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு புதிய ஈரத் தடம். அவன் அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான். “சாக்கடைதான்” என்று சொல்லிவிட்டு மட்டையைக் கீழே போட்டான்.

அன்றிரவு என் தம்பி உழவன் விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டான். அவள் ஆள்காட்டி விரலின் மேற்கணுவில் தோல் உரிந்திருந்தது. சுழற்றுகிறவர்களுக்கு அந்த இடம் உரிந்து பின்பு காய்த்துப்போகும். அதில் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னான். என் தாயார் தடவினார். சந்தில் விளையாடுவதைப்பற்றி அன்று அவர் ஒன்றும் பேசவில்லை; தை முடிந்து மாசி பிறந்த பின்னும் பேசவில்லை. கோலப்பொடி டப்பாவை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சென்னையைச் சேர்ந்த தயாளன் ஹேமலதா என்பவரும் பையன்களோடு தெருவில் ஆடியே வளர்ந்து, கல்லூரி வழியாக முறையான ஆட்டத்துக்கு வந்து, 2018இல் இந்திய அணியில் ஆடினார். அவரும் ஆப் பிரேக் போடுபவரே. இச்செய்தியை நான் அவளுக்குச் சொன்னபோது அவள் பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. அவள் கவலை வேறு. தலைவன் இப்பொழுதெல்லாம் அவள் பந்துக்கு முன்காலை நீட்டி, மட்டையையும் காலையும் ஒட்டவைத்து ஆடுகிறானாம். வாசல் அடைபட்டுவிட்டது. ஆகவே சென்ற ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குத் தொலைபேசியில் பேசி, அதே கையசைவில் திரும்பாமல் நேரே போகிற பந்து ஒன்று உண்டாமே, அதை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறாள்.

“முதலில் திரும்புகிற பந்தைப் பத்துக்கு எட்டு ஒரே முறத்துக்குள் விழவை. அப்புறம் சொல்கிறேன்” என்றானாம் மாமன்.

முறம் இருக்கிறது, பொடிதான் பூட்டியிருக்கிறது. அவள் இப்பொழுது செங்கல்லை இடித்துக்கொண்டிருக்கிறாள்.